ரத்தான ஃபைபர் சேவைக்கு வரும் பில்: ஆணையத்திடம் மேல்முறையீட்டுப் புகார்

பட்டர்வொர்த், பினாங்கு
18 செப்டம்பர் 2025

பெறுநர்:
பயனீட்டாளர் புகார்ப் பிரிவு
மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்
சைபர்ஜெயா

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரலில் ரத்து செய்த வீட்டு ஃபைபர் சேவைக்கு ஆகஸ்ட் வரை பில் வந்தது. நிறுவனத்திடம் மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்றையுமே "தீர்க்கப்பட்டது" என்று சொல்லி மூடிவிட்டார்கள், ஆனால் பில்லில் ஒரு சென்கூடக் குறையவில்லை. இப்போது கடன் வசூல் கடிதமும் வந்துவிட்டது. இனி அவர்களிடம் போய்ப் பயனில்லை என்பதால் உங்களிடம் வருகிறேன்.

நிறுவனத்தின் பெயரையும் கணக்கு எண்ணையும் உங்கள் இணையப் புகார்ப் படிவத்தில் கொடுத்திருக்கிறேன். அதனால் இங்கே "நிறுவனம்" என்று மட்டும் எழுதுகிறேன். எனக்கு நன்றாக வரும் மொழியில் எழுதினால்தான் எதுவும் விடுபடாது என்பதால் கடிதத்தைத் தமிழில் எழுதினேன். என் மகன் செய்த மலாய் மொழிபெயர்ப்பும் கூடவே இருக்கிறது.

ஜெலுத்தோங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பிளாட்டில் 2023 மார்ச் 12 அன்று இணைப்பு எடுத்தேன். 24 மாத ஒப்பந்தம் இந்த ஆண்டு மார்ச்சில் முடிந்தது. பட்டர்வொர்த்துக்கு வீடு மாறப் போவதால், ஏப்ரல் 3 அன்று கவுண்டரில் ரத்துப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றார்கள், சரி என்றேன். மே 3 வரைக்குமான கடைசி பில்லையும் கட்டினேன். அதே மே 3, சனிக்கிழமை, மோடத்தை அதன் ஒயர், அடாப்டரோடு கவுண்டரில் ஒப்படைத்து, முத்திரை குத்திய ரசீது வாங்கினேன்.

அப்புறம் ஜூன் 9 அன்று கிரெடிட் கார்டு கணக்கைப் பார்த்தபோது, மே 4 தேதியிட்ட பில்லுக்காக 147 ரிங்கிட் 34 சென் எடுத்திருந்தது தெரிந்தது. மாதக் கட்டணம் 139 ரிங்கிட், 6 விழுக்காடு சேவை வரி 8 ரிங்கிட் 34 சென். இல்லாத சேவைக்கு வரியும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். அன்றே வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு பேசிய பெண், ரத்து இன்னும் "முடிக்கப்படவில்லை" என்று திரையில் காட்டுவதாகவும், 15 வேலை நாளில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். ஜூன் 17 அன்று புகார் தீர்ந்தது என்று எஸ்எம்எஸ் வந்தது. ஆனால் அந்த மாதக் கடைசியில் கார்டிலிருந்து இன்னொரு 147 ரிங்கிட் 34 சென் போனது.

ஜூன் 21 அன்று ரசீது, ரத்துப் படிவம் இரண்டையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஜூலை 1 அன்று அதே வாசகத்தோடு மூடினார்கள். மறுநாளே வங்கியிடம் சொல்லித் தானியங்கிக் கட்டணத்தை நிறுத்தினேன்.

ஜூலை 5 அன்று கவுண்டரில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினையின் காரணம் அங்கேதான் தெரிந்தது. அங்கிருந்த இளைஞர் பொறுமையாக என் ரசீதை வாங்கி, திரையில் இருந்ததோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். மோடத்தின் வரிசை எண்ணில் 8 இருக்க வேண்டிய இடத்தில், ரசீது எழுதிய ஊழியர் ஆங்கில எழுத்து 'பி'யைப் பதிந்திருக்கிறார். அதனால் நான் கொடுத்த மோடம் என் கணக்கோடு பொருந்தவில்லை. மோடம் திரும்பாததாகக் கணினி எடுத்துக்கொண்டதால் ரத்து உத்தரவு பாதியில் நின்றுவிட்டது. மாதா மாதம் பில்லும் தானாக வந்துகொண்டிருந்தது. ஜூலை பில்லில் "திருப்பித் தராத மோடத்துக்கு" என்று 300 ரிங்கிட்டும் சேர்ந்திருந்தது. அந்த இளைஞர் இதையெல்லாம் மூன்றாவது புகாராகத் தன் கையாலேயே எழுதி, முத்திரை குத்தி, எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். திருத்தும் அதிகாரம் கவுண்டருக்கு இல்லை, பின்னணிப் பிரிவுதான் செய்ய வேண்டும் என்றார். அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் ஆகஸ்ட் 18 அன்று அந்தப் புகாரையும் திருத்தம் எதுவும் செய்யாமல் மூடிவிட்டார்கள். யாரும் அவருடைய குறிப்பைப் படித்ததாகவே தெரியவில்லை.

இன்னொரு சான்றும் இருக்கிறது. அந்த பிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பம் ஜூன் மாதம் இதே நிறுவனத்திடம் ஃபைபர் எடுத்திருக்கிறது. சுவரில் நாங்கள் பயன்படுத்திய அதே ஃபைபர் பெட்டியில்தான் தொழில்நுட்பர் இணைப்புக் கொடுத்தார். ஆக, ஜூன் முதல் ஒரே வீட்டின் ஒரே இணைப்புக்கு இரண்டு குடும்பங்களிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தினர் தங்கள் பில்லின் நகலைத் தரச் சம்மதித்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 2 தேதியிட்ட வசூல் கடிதம் 594 ரிங்கிட் 68 சென் கேட்கிறது. ஜூலை, ஆகஸ்ட் கட்டணங்களும் மோடத்துக்கான 300 ரிங்கிட்டும் சேர்ந்த தொகை அது. 14 நாளில் கட்டாவிட்டால் கடன் தகவல் நிறுவனங்களிடம் என் பெயர் போகும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கெடு முடிந்துவிட்டது. என் மகன் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறான், அதில் நானும் கூட்டு விண்ணப்பதாரர். இந்த நேரத்தில் என் பெயர் கெட்டால் அவனுடைய வீடு போய்விடும். வசூல்காரர்கள் என் அம்மாவின் கைப்பேசிக்கும் அழைக்கிறார்கள். மாற்றுத் தொடர்பு எண்ணாக 2023இல் நான் கொடுத்தது அது. அம்மாவுக்கு 74 வயது. வீட்டுக்குப் போலீஸ் வருமா என்று என்னிடம் கேட்கிறார். ஆயுள் முழுக்க யாருக்கும் கடன் வைக்காதவர் அவர். என்னால் இதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 188ஆவது பிரிவு, உரிமம் பெற்ற சேவை நிறுவனங்கள் பயனீட்டாளரிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும், அவர்களுடைய புகார்களைப் போதிய அளவில் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறது. காரணம் எழுத்தில் கையிலிருந்தும் மூன்றாவது முறையும் மூடியதைப் போதிய கவனிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆணையம் தலையிட்டு, ரத்து மே 3ஆம் தேதியே அமலுக்கு வந்ததாக நிறுவனத்தைப் பதிவு செய்ய வைக்க வேண்டும். 594 ரிங்கிட் 68 சென்னை முழுதாக நீக்க வேண்டும். கார்டிலிருந்து எடுத்த 294 ரிங்கிட் 68 சென் எனக்குத் திரும்ப வேண்டும். அடுத்த மாத பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்று சொன்னால் ஏற்க மாட்டேன், எனக்கு அவர்களிடம் சேவை எதுவும் இல்லை. மே 3க்குப் பிறகு அந்த மோடம் ஒரு நாளாவது அவர்கள் வலையமைப்பில் இணைந்திருந்ததா என்ற பதிவை அவர்கள் காட்டட்டும். விசாரணை முடியும்வரை வசூல் அழைப்புகளை நிறுத்தச் சொல்லுங்கள், முக்கியமாக அம்மாவின் எண்ணுக்கு. என் பெயரைக் கடன் தகவல் நிறுவனத்திடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதை நீக்கி எழுத்தில் உறுதி தர வேண்டும்.

இதே விஷயத்தைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலோ நீதிமன்றத்திலோ நான் பதிவு செய்யவில்லை. ரத்துப் படிவம், மோடம் ரசீது, நான்கு பில்கள், கார்டு கணக்கின் இரண்டு பக்கங்கள், மூன்று புகார்களின் எண்களோடு வந்த எஸ்எம்எஸ், மின்னஞ்சல் நகல்கள், ஜூலை 5 அன்று கையால் எழுதிய படிவம், வசூல் கடிதம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணைத்திருக்கிறேன். அசல் ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

பகலில் நான் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்வதால், மாலை 4 மணிக்குப் பிறகு அழைத்தால் உடனே எடுப்பேன். படிவத்தில் என் எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் எண்ணுக்கு யாரும் அழைக்க வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
மா. செல்வராணி