மீதிச் சில்லறை

பேருந்து நிறைந்து வழிந்தது. கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றபடி, கண்டக்டர் கையிலிருந்த மெஷினைத் தட்டினார்.

"முழு டிக்கெட் ஏழு, அரை டிக்கெட் மூணு" என்று சொல்லி, அந்த அம்மா ஒரு ஐந்நூறு தாளை நீட்டினார்.

முழு டிக்கெட் 23, அரை 12. திரையில் 220 என்று வந்தது. மீதி 280. தாள்களை விரலிடுக்கில் பிரித்தவர் சட்டென்று நின்றார். ஏழு இருபது நூற்று நாற்பது, ஏழு மூணு இருபத்தொன்று; ஆக 161. அரைக்கு 36. மொத்தம் 197 தானே? எங்கே இடிக்கிறது? வித்தியாசம் 23. அப்படியே ஒரு முழு டிக்கெட்!

வண்டி குலுங்கியபோது ஏழுக்குப் பதில் எட்டை அழுத்தியிருக்கிறார்.

"கொஞ்சம் இருங்கம்மா, தப்பா அடிச்சிட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சிருக்காதே தம்பி."

"எனக்குத் தெரியுதேம்மா."

அழித்துவிட்டுப் புதிதாக அடித்தார். மூன்று நூறு தாள்களை மடித்து, மேலே மூன்று நாணயங்களை வைத்து, அவர் உள்ளங்கையை மூடிவிட்டார்.

"303. எண்ணிப் பாத்துக்கங்க."

அப்புறம் விசிலை ஊதினார்.