அம்மாவுக்கான மருந்துக் குறிப்பு: மருத்துவர் சொன்னபடி

கோவையில் இன்று மருத்துவர் பேசியதை அவருடைய அனுமதியுடன் கைப்பேசியில் பதிவு செய்து, தோட்டத்து வீட்டில் அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் அப்பாவும் அண்ணியும் பார்ப்பதற்காக எழுதியிருக்கிறேன். பழைய மருந்துச் சீட்டை இனிப் பின்பற்ற வேண்டாம்.

காலை 6 மணிக்கு, வெறும் வயிற்றில், தைராக்சின் 50 மைக்ரோகிராம் மாத்திரையைத் தண்ணீருடன் மட்டும் கொடுக்க வேண்டும். அதன் பிறகு ஒரு மணி நேரம் காபியோ வேறு மாத்திரையோ கூடாது.

காலை 8 மணிக்கு, பலகாரம் தட்டில் தயாராக இருக்கும்போது, சர்க்கரைக்கான கிளிமிபிரைடு 1 மி.கி. கொடுக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மெட்ஃபார்மின் 500 மி.கி., இரத்த அழுத்தத்திற்கான டெல்மிசார்டன் 40 மி.கி. இரண்டும் ஒவ்வொன்று.

மதியம் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம் மாத்திரை. இதைத் தைராக்சினுடன் சேர்த்துக் கொடுத்தால் தைராக்சின் உடலில் சரியாகச் சேராது.

இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட பின் மெட்ஃபார்மின் 500 மி.கி., படுக்கும் முன் கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி.

மருத்துவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னது கிளிமிபிரைடைப் பற்றித்தான். அமாவாசைக்கோ கோயில் நோன்புக்கோ அம்மா காலையில் சாப்பிடாமல் இருந்தால், அன்று அந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே சர்க்கரை அளவைப் பார்த்து, 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். கருவி கைக்கு எட்டாவிட்டால் தேடிக்கொண்டிராமல் சர்க்கரைத் தண்ணீரை முதலில் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது, கிரியாட்டினின் 1.3 இருக்கிறது. ஆகவே மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை அடியோடு நிறுத்த வேண்டும். வலி தாங்காத நாளில் பாராசிட்டமால் 500 மி.கி. மட்டும் போதும். டெல்மிசார்டன் உடலில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது என்பதால், நம் தோப்பு இளநீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடுத்த இரத்தப் பரிசோதனை வரும் வரை அம்மாவுக்கு வேண்டாம். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரையைப் போலவே அளவை ஏற்றும் என்பதையும் அவர் அம்மாவிடமே சொல்லிவிட்டார்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், அன்று மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டனையும் நிறுத்திவைத்து, சீட்டின் மேலுள்ள எண்ணுக்குப் பேச வேண்டும். ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது. அம்மா படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும்; தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது; இரவில் அண்ணி பாதங்களில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

நெஞ்சு வலி, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல் ஆகியவற்றுக்கு விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பரிசோதித்து, அந்த முடிவையும் மீதமுள்ள மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.