மூன்றாம் குழுவின் வாவி வீடியோ: என் குறிப்புகள்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

நேற்றிரவு உங்கள் வீடியோவை மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் சும்மா, அடுத்த தரம் பேனையோடு, கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும்.

முதலில் 0:38. ஐயா தோணியில் நின்று வலை வீசுகிறார். வலை விரிந்து, வட்டமாகித் தண்ணீரைத் தொடும்வரை நீங்கள் வெட்டவில்லை. முதல் எடிட்டிலேயே இந்தப் பொறுமை வருவது லேசல்ல. அந்த ஷொட்டில் இனி யாரும் கை வைக்க வேண்டாம்.

ஆனால் கண்ணை மூடினால் அங்கே வலையே இல்லை, கீபோர்ட் இசைதான் இருக்கிறது. வலையின் ஈயக்குண்டுகள் தண்ணீரில் விழும் சத்தம் உங்கள் மூலக் கோப்பில் அருமையாகப் பதிவாகியிருக்கிறது. நம் வாவியில் மீன் பாடும் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம், உங்கள் வீடியோவில் வாவிக்கே வாய் கட்டியிருக்கிறது! முதல் ஒரு நிமிடத்துக்கு இசையை முழுதாக எடுத்துவிடுங்கள். பிறகு ஐயாவின் பேச்சு -12 dB அளவில் இருந்தால், இசை -28க்குக் கீழே கிடக்கட்டும். இப்போது இரண்டும் சமமாக மல்லுக்கட்டுகின்றன.

1:52இல் ஐயா “முந்தி இப்பிடி இல்ல மகன்” என்று சொல்லிவிட்டு வாவியைப் பார்க்கிறார். மூலத்தில் அந்தப் பார்வை நாலு செக்கன். பேச்சு இல்லையே என்று வெட்டிவிட்டீர்கள், இல்லையா? திரும்பப் போடுங்கள். அவர் சொன்னதிலேயே பெரிய விஷயம் அதுதான்.

அதே பேட்டியில் இரண்டு இடத்தில் அவருடைய தலை திடீரென்று துள்ளுகிறது. வெட்டியது சரி, வெட்டு தெரிவதுதான் பிழை. குரல் ஓடிக்கொண்டிருக்க, வலைக் கண்ணிலிருந்து மீனைக் கழற்றும் அந்தக் கைகளின் ஷொட்டை வெட்டுக்கு மேலே வையுங்கள். அதை எடுத்துவிட்டுப் பாவிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்குள் எடுத்த பகுதியில் வெளிச்சம் துடிப்பது எடிட்டிங் பிழையல்ல. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைட்டுக்குக் கீழே போன் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் அடங்கும். இம்முறை அதற்குப் புள்ளி குறைக்கவில்லை.

சில்லறை விஷயங்கள்: கல்லடிப் பாலம் 25 செக்கன் ஓடுகிறது, 6 போதும். நட்சத்திரம் சுழன்று காட்சி மாறுவது கலியாண வீட்டு வீடியோவுக்குச் சரி, இங்கே நேர்வெட்டு. ‘மீணவர்’ என்று எழுதிய ஆள் யாரென்று கேட்கமாட்டேன், திருத்தினால் சரி. கடைசியில் ‘எடிட்டிங்’ என்று ஐந்து பேரின் பெயரும் இருக்கிறது. யார் சத்தம் பார்த்தது, யார் வெட்டியது என்று பிரித்துப் போடுங்கள். வலை தண்ணீரைத் தொடும்வரை வெட்டாமல் காத்திருந்த அந்தக் கை யாருடையது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் புரொஜெக்ட் கோப்போடு வாருங்கள். ஹெட்போனை மறக்க வேண்டாம், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஊடகப் பாட ஆசிரியை