மூன்றாவது வாய் மாமா வேட்டிக்கு

ஆறு மாதம் முடிந்து பாப்பாவுக்கு இன்று சோறூட்டல். ஒரு பிடி பச்சரிசி, ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு, ஐந்து பங்கு தண்ணீர், ஐந்து விசில். குழைய மசித்து ஒரு சொட்டு நெய். தேன் கிண்ணத்தோடு வந்த பாட்டியைத்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது: ஒரு வயது வரை தேன் கூடாது.

தாய்மாமா மடியில் முதல் வாய். நாக்காலேயே வெளியே தள்ளினாள். பிடிக்காமல் இல்லை, பால் மட்டுமே குடித்த நாக்கு அப்படித்தான் செய்யும். இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவது வேட்டியில். மிச்சம், வெள்ளிக் கிண்ணத்தோடு தரையில்.

கோரைப்பாய் விரித்தது தப்பு; இடுக்கில் போன பருக்கை லேசில் வராது. பழைய வேட்டியை விரித்திருந்தால் அப்படியே சுருட்டி உதறியிருக்கலாம். இப்போது எறும்புகளுக்கும் சோறூட்டல் நடக்கிறது, முகூர்த்தம் பார்க்காமலே! 🍚