இரண்டு மணி இடைவேளை

இரவு இரண்டு மணிக்குத்தான் நர்ஸ் மாலதிக்கு இடைவேளை. மற்றவர்கள் நாற்காலியில் தலை சாய்ப்பார்கள். இவள் வார்டு வாசலிலிருந்து காலடிகளை எண்ணியபடி நடக்கத் தொடங்குவாள். லிப்ட் வரை 72 அடி. போய்த் திரும்பினால் 144. முதல் வாரம் அவ்வளவுதான்.

இரவெல்லாம் வார்டுக்குள் ஓடுவதும் நடைதானே என்று கேட்கலாம். அது வேறு. அந்த நடையில் எப்போதும் யாரோ கூப்பிட்டிருப்பார்கள்.

அடுத்து எக்ஸ்ரே அறை வரை போனாள். பிறகு மாடிப்படி. வலது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததால் படியில் ‘டக்’, ‘சப்’ என்று மாறி மாறி ஓசை வரும். எண்ணிக்கை குழம்பினால் ‘சப்’ வந்தால் இரட்டைப்படை என்று சரிசெய்துகொள்வாள்.

9-ஆம் படுக்கைப் பெரியவர் தூங்காமல் கிடந்தார். இடுப்பில் ஆபரேஷன் முடிந்தவர். வாக்கரைத் தொடவே மாட்டேன் என்பவர்.

“தினமும் எங்கம்மா போற?”

“நடக்கத்தான் ஐயா. நேத்து 610 அடி.”

“இன்னிக்கு?”

“வந்து சொல்றேன்.”

அன்று பின்வாசலைத் தாண்டி ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் வரை போனாள். காவலாளி பதறி எழுந்தார்.

“என்ன சிஸ்டர், அவசரமா?”

இல்லையென்று தலையாட்டிவிட்டு, கேட்டைத் தொட்டுத் திரும்பினாள்.

“840,” என்றாள், பெரியவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றியபடி.

“பாத்ரூம் வரைக்கும் எத்தனை இருக்கும்?”

“என் காலுக்கா, உங்க காலுக்கா?”

“என் காலுக்கு.”

“காலைல பிசியோ வர்றப்ப நானும் கூட நிக்கிறேன். நீங்களே எண்ணிச் சொல்லுங்க.”