பொருள்: வேலையிலிருந்து விலகல், என் வாடிக்கையாளர்களைக் கோகிலாவிடம் ஒப்படைத்தல்

சாட்ஸ்வொர்த், டர்பன்
2 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ரங்கா அண்ணாவுக்கு,

வணக்கம். இந்த ஜூன் 30ஆம் தேதியோடு நம் காப்பீட்டு அலுவலக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். சட்டப்படி கொடுக்க வேண்டிய நான்கு வார அவகாசம் இன்றிலிருந்து தொடங்குகிறது. கோப்பில் வைக்க ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தனியாக இணைத்திருக்கிறேன். இது உங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எனக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவருக்கு விலகல் கடிதத்தை வேறு மொழியில் மட்டும் கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

காரணம் உங்களுக்கு ஓரளவு தெரியும். கண்ணில் நீர் அழுத்தம். பக்கப் பார்வை குறைந்துவிட்டது, இருட்டில் வண்டி ஓட்டக்கூடாது என்று மார்ச் மாதமே டாக்டர் சொல்லிவிட்டார். வாடிக்கையாளர்களைப் பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று மாதம் முயன்றேன், சரிவரவில்லை. நம் ஆட்கள் ஃபாக்டரியிலிருந்தும் கடையிலிருந்தும் வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்காரவே ஏழு மணி ஆகிறது. குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. போன மாதம் சில்வர்கிளென் பக்கம் ஒரு வளைவில், ஓரமாக நடந்து வந்த பையனைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அலுவலகத்தின் மேல் எந்த மனக்குறையும் இல்லை. வேறு கம்பெனிக்குப் போகவும் இல்லை. வாடிக்கையாளர் யாரையும் பின்னால் அழைத்துக்கொள்ள மாட்டேன் என்பதை எழுத்திலேயே தருகிறேன்.

இனி ஒப்படைப்பு. என் கையில் இன்று 187 குடும்பங்கள், 412 பாலிசிகள். அதில் 236 ஈமச் செலவுக்கான ஃபியூனரல் பாலிசி, 94 ஆயுள் காப்பீடு, மீதி 82 வீடும் வாகனமும். எல்லாவற்றையும் கோகிலாவிடமே கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஃபியூனரல், ஆயுள், வீடு-வாகனம் மூன்று வகைக்கும் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது, அது ஒரு வசதி. அதைவிட முக்கியம், ஒரே வீட்டில் அப்பாவின் ஃபியூனரல் பாலிசி ஒருவரிடமும் மகனின் கார் இன்னொருவரிடமும் போனால், அந்த வீட்டில் பணம் எப்போது தட்டுப்படும் என்பது இருவருக்குமே தெரியாமல் போகும். 30ஆம் தேதிக்குப் பிறகு பிரதிநிதிகள் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்கி, நிதித்துறை நடத்தை ஆணையத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். அதன் பிறகு பழக்கத்தில் யாராவது எனக்குப் போன் செய்து ஆலோசனை கேட்டால், கோகிலாவின் நம்பரைக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஜூலை முதல் வரும் கமிஷன் எல்லாம் அவருக்கு. ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் நான் எழுதிய 11 ஆயுள் பாலிசிகளுக்கு முன்பணக் கமிஷன் வாங்கியது நான். இரண்டு ஆண்டு முடிவதற்குள் அவற்றில் ஏதாவது நின்றுபோனால், கம்பெனி திரும்பக் கேட்கும் பணத்தை என் கணக்கில் எழுதுங்கள். நான் தின்ற சோற்றுக்கு அந்தப் பெண் இலை எடுக்க வேண்டாம்.

முடியாமல் நிற்கும் வேலைகள் நான்கு. இந்தக் கடிதம் பல மேஜைக்குப் போகும் என்பதால் வாடிக்கையாளர் பெயர்களை எழுதாமல் கோப்பு எண் மட்டும் தருகிறேன்.

கோப்பு 63: கீசர் வெடித்துக் கூரையும் படுக்கையறைக் கம்பளமும் நாசம். பிளம்பரின் அறிக்கை வந்துவிட்டது, படங்கள் அனுப்பியாகிவிட்டது. ஆனால் இதில் ஒரு வம்பு இருக்கிறது. வீட்டைத் திரும்பக் கட்ட இன்று 13 லட்சம் ரேண்ட் ஆகும், பாலிசியில் இருப்பதோ ஆறரை லட்சம். காப்பீடு குறைவாக இருந்தால் அதே விகிதத்தில் பணத்தையும் குறைக்கும் சராசரி விதியைப் போட்டால் இழப்பில் பாதிதான் கிடைக்கும். தொகையை உயர்த்தச் சொல்லி இரண்டு முறை கடிதம் கொடுத்தேன், அவர் கையெழுத்திட்டு வாங்கிய நகல் கோப்பில் இருக்கிறது. அவர் கோபப்படுவார். நானே கோகிலாவோடு போய்ச் சொல்கிறேன்.

கோப்பு 118: ஃபியூனரல் கிளெய்ம். பாலிசி எடுத்து நான்கு மாதம்தான் ஆகிறது, ஆறு மாதக் காத்திருப்புக் காலம் முடியவில்லை. ஆனால் இறந்தது சாலை விபத்தில். விபத்து மரணத்துக்குக் காத்திருப்பு கிடையாது. DHA-1663 என்ற மரண அறிவிப்புப் படிவத்தில் காரணம் சரியாக எழுதப்படாததால் காவல்துறை அறிக்கைக்குக் காத்திருக்கிறோம். எல்லாத் தாள்களும் சேர்ந்த பிறகு இரண்டு வேலை நாளில் பணம் வர வேண்டும். வராவிட்டால் மூன்றாம் நாள் காலையிலேயே கோகிலா போன் செய்ய வேண்டும், நான்காம் நாள் அல்ல.

கோப்பு 140: விவாகரத்தாகி ஒன்றரை வருடம். ஆயுள் பாலிசியில் பணம் பெறுபவராக இன்னும் முன்னாள் மனைவியின் பெயரே இருக்கிறது. விவாகரத்து ஆனதும் அது தானாக மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உயிலில் விவாகரத்துக்குப் பிறகு மூன்று மாதம் மட்டும் சட்டம் காப்பாற்றும், பாலிசியில் அதுவும் இல்லை, படிவம் கொடுத்தால்தான் மாறும். படிவம் நிரப்பியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. அவருடைய பிள்ளைகளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. அவர்கள் பெயரைப் போட்டால் பணம் யார் கைக்குப் போகும் என்பதையும் பேசிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும்.

கோப்பு 171: ஃபீனிக்ஸ் கடை. புதுப்பிப்பு ஜூலை 1. பிரீமியத்தைக் குறைக்கக் கலவரக் காப்பீடான சஸ்ரியாவை நீக்கிவிடச் சொல்கிறார். நீக்கவே கூடாது. கலவரச் சேதத்துக்கு இந்த நாட்டில் சஸ்ரியாவைத் தவிர வேறு யாரும் பணம் தர மாட்டார்கள். 2021 ஜூலையில் என் வாடிக்கையாளர் இருவருக்கு ஒரே தெருவில் கடை, இரண்டும் ஒரே ராத்திரியில் போயின. ஒருவர் மறுபடி ஷட்டரைத் தூக்கினார். மற்றவர் இப்போது மைத்துனர் கடையில் கல்லாவில் உட்காருகிறார். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள், கேட்பார்.

கோகிலா, இனி உனக்கு.

பாலிசி நம்பர்கள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. கணினியில் இல்லாதவை மூன்று நீல நோட்டுகளில் இருக்கின்றன. யாருக்குச் சம்பளம் 15ஆம் தேதி, யாருக்கு 25, யார் வீட்டில் மருமகளிடம் பேசினால்தான் காரியம் நடக்கும், யாருக்குக் காது கேட்காது என்பதெல்லாம் அதில்தான். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இந்த மாதம் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.

மாதா மாதம் பேங்க்கில் பிரீமியம் பிடிக்க முடியாமல் திரும்பி வரும் டெபிட் ஆர்டர் பட்டியலை முதலில் பார். மற்ற எல்லாம் அப்புறம். ஜனவரியில் அது நீளமாக வரும். டிசம்பரில் போனஸ் கரைந்திருக்கும், பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கியிருப்பார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009இல் நான் அந்தப் பட்டியலை மேஜையிலேயே விட்டுவிட்டேன். காவடி வாரம், அலைச்சல். வெஸ்ட்கிளிஃப்பில் ஒரு பாட்டியின் பாலிசி இரண்டு தவணை திரும்பி நின்றுபோயிருந்தது. பேங்க் கணக்கு நம்பர் மாறியிருந்தது, அவ்வளவுதான். ஒரு போன் செய்திருந்தால் தீர்ந்திருக்கும். தாத்தா இறந்த அன்று அந்தப் பாட்டி பிஸ்கட் டப்பாவிலிருந்து பாலிசித் தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேஜையில் என் பக்கம் தள்ளினார். "நீ இருக்கேன்னுதான்பா கவலைப்படல" என்றார். என் காசிலிருந்து சவப்பெட்டிச் செலவைக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. கடன் வாங்கிச் செலவு செய்து, பிறகு எல்லாம் அடைத்தார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோப்பு 9 அவர் மகளுடையது. அந்த வீட்டுக்கு மட்டும் மாதம் ஒரு முறை நேரில் போ.

அப்புறம், பழைய ஃபியூனரல் பாலிசிகளை ரத்து செய்து புதிதாக எழுதச் சொல்லி யாராவது வருவார்கள், புதிதில் கமிஷன் இருக்கிறது என்பதால். எழுபது வயது ஆளுக்கு அதைச் செய்யும்போது இடையில் பாலிசி இல்லாத இடைவெளி விழுந்தால் காத்திருப்புக் காலத்தை மறுபடி அவர் தலையில் கட்டலாம், பிரீமியமும் இன்றைய வயதுக்கு ஏறும். அவருக்கு உண்மையாகவே லாபம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதிக் காட்டிவிட்டுச் செய். இல்லையென்றால் கையை வைக்காதே.

புரட்டாசிச் சனிக்கிழமை யார் வீட்டுக்கும் போகாதே. படையல் நேரத்தில் பையோடு போய் நின்றால் சாப்பிடச் சொல்வார்கள், பாலிசி பேச முடியாது. மற்ற நாளில் டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. உன்னை முதலில் "யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். டோங்காட் என்று சொன்னால் போதும், யாராவது ஒருவர் உன் தாத்தாவைத் தெரியும் என்பார்.

அண்ணா, 187 குடும்பத்துக்கும் நான் விலகுவதையும் கோகிலாவின் பெயரையும் தெரிவிக்கும் கடிதம் தயார். நீங்கள் பார்த்துச் சரி என்றால் 9ஆம் தேதி போகும். வயதானவர்கள் இருக்கும் 40 வீடுகளுக்கு நாங்கள் இருவரும் நேரில் போகிறோம். வண்டியைக் கோகிலா ஓட்டுவார், வழியை நான் சொல்வேன். என் போனில் வாட்ஸ்அப்பில் வந்த அடையாள அட்டை, பேங்க் தாள் படங்களை அலுவலகக் கோப்புக்கு மாற்றிவிட்டு, 30ஆம் தேதி உங்கள் முன்னாலேயே அழித்துவிடுகிறேன். பழைய ஆலோசனைப் பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அவை பின் அறை இரும்பு அலமாரியில், கீழிரண்டு தட்டில். அந்தப் பூட்டு சாவியைக் கொஞ்சம் தூக்கித் திருப்பினால்தான் திறக்கும்.

லேப்டாப், அலுவலக சிம், அலமாரிச் சாவி மூன்றையும் கடைசி நாள் நான்கு மணிக்குக் கொடுக்கிறேன். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
அன்புடன்,
தேவன் மூட்லி

நகல்: கோகிலா