மாடு திருட்டுப் புகார் – நான்கு மாதமாகியும் தகவல் இல்லாததால் விசாரணை நிலை கேட்டு மனு

நாள்: 23.02.2026

அனுப்புநர்:
ப. சரஸ்வதி, வயது 54,
(காலஞ்சென்ற) பழனிச்சாமியின் மனைவி,
கிழக்குத் தோட்டம், சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
உயர்திரு நிலையப் பொறுப்பு அதிகாரி (எஸ்.எச்.ஓ.) அவர்கள்,
காவல் நிலையம், சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம்.

பொருள்: 19.10.2025 அன்று கொடுத்த புகாரின் நிலையை எழுத்துமூலம் தெரிவிக்கவும், முதல் தகவல் அறிக்கை நகல் வழங்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தீபாவளிக்கு முந்தின நாள், ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்குப் பால் கறக்கப் போனபோது என் தொழுவத்தில் இரண்டு மாடுகளும் இல்லை. கயிறு அவிழ்ந்து கிடக்கவில்லை, கத்தியால் அறுத்திருந்தது. அன்று காலையே நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்து ரசீது வாங்கினேன். இன்றோடு 127 நாள் ஆகிறது.

ஒன்று கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசு, வலது கொம்பு நுனி உடைந்தது, அப்போது நாலு மாதச் சினை. மற்றது செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இரண்டின் காதிலும் கால்நடை ஆஸ்பத்திரியில் போட்ட மஞ்சள் தோடு உண்டு. பன்னிரண்டு இலக்க எண்ணில் கடைசி நான்கு, கறுப்புக்கு 4176, செவலைக்கு 4184. தோட்டை வெட்டி எறிந்திருந்தாலும் காதில் துளையும் கொம்பில் உடைசலும் இருக்கும். மாடுகளின் மதிப்பு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய். இரண்டும் சேர்ந்து நாளுக்குப் பதினெட்டு லிட்டர் பால் சொசைட்டிக்கு ஊற்றின. வீட்டுக்கு வந்த வருமானம் அது ஒன்றுதான்.

பக்கத்து டயர் கடை கேமராவில் அதிகாலை 2.40க்கு மஞ்சள் நிற டெம்போ ஒன்று பின்பக்கம் தார்ப்பாய் மூடி கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் போவது பதிவாகியிருந்தது. கடைக்காரத் தம்பி அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். புகாரோடு சேர்த்து ஒப்படைத்தேன். யாராவது அதைப் பார்த்தார்களா என்று இதுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கேமராவில் பதினைந்து நாளுக்கு மேல் பதிவு நிற்காது. செக்போஸ்ட் கேமராவையும் அப்போதே பார்த்திருந்தால் வண்டி எண் கிடைத்திருக்குமே என்பதுதான் என் ஆற்றாமை.

நவம்பர் 5ஆம் தேதி வந்தேன். "அன்வேஷிக்காம்" என்றார்கள். டிசம்பர் 12 வந்தேன், உள்ளாட்சித் தேர்தல் டியூட்டி என்றார்கள். ஜனவரி 20 வந்தபோது சபரிமலை டியூட்டி முடிந்து ஆட்கள் வரட்டும் என்றார்கள். அப்புறம், மாடு பொள்ளாச்சிப் பக்கம் போயிருந்தால் அங்கேதான் புகார் கொடுக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். திருட்டு நடந்தது என் தொழுவத்தில், இந்த நிலைய எல்லைக்குள். எல்லை தாண்டிப் போனது மாடுதான், குற்றம் அல்ல. எங்கே நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க, என்னைப் பொள்ளாச்சிக்கு அனுப்புவது எப்படிச் சரி?

இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். அன்று மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வேறொருவர் எழுதினார், நான் கையெழுத்திட்டேன். போன மாதம் என் மகள் ரசீதைப் படித்துப் பார்த்து, மாடுகள் 'காணாமல் போனது' என்றுதான் இருக்கிறது, திருட்டு என்ற சொல்லே இல்லை என்றாள். கயிறு அறுத்திருந்ததை வாயால் மூன்று முறை சொன்னேன். அதனால்தான் இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் இந்தத் தாலுகாவில் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

என் புகாரைத் திருட்டு வழக்காக, பாரதிய நியாய சன்ஹிதா 303(2)இன் கீழ் பதிந்தீர்களா? பதிந்திருந்தால் வழக்கு எண்ணையும், புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டிய முதல் தகவல் அறிக்கை நகலையும் கொடுங்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 193(3) சொல்கிறது. அந்தக் கெடு முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் பதியவில்லை என்றால் உடனே பதிந்து, தோடு எண்களையும் அடையாளங்களையும் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காவல் நிலையங்களுக்கும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கும் அனுப்புங்கள். பதிய முடியாது என்றால் அதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் அதே சுரக்ஷா சன்ஹிதா 173(4)இன்படி மாவட்டக் காவல்துறைத் தலைவரிடம் போவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேறு வழி இல்லை.

கறுப்புப் பசு உயிரோடு இருந்தால் அடுத்த மாதம் கன்று போடும். அது யார் தொழுவத்தில் நிற்கிறதோ, அதற்குள் கண்டுபிடித்தால் தாயும் கன்றும் சேர்ந்து திரும்பும். வந்து பார்ப்பதாகச் சொன்ன ஏட்டய்யாவுக்காக, அறுபட்ட கயிற்றுத் துண்டுகளைக் கட்டுத்தறியிலிருந்து இன்னும் அவிழ்க்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. சரஸ்வதி

இணைப்பு: 19.10.2025 ரசீது நகல், தோடு எண் உள்ள கால்நடை அட்டை நகல்கள், மாடுகளின் புகைப்படம் இரண்டு, பால் சொசைட்டி பாஸ்புக் நகல்.

(இம்மனுவின் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இட்டுத் தரக் கேட்டுக்கொள்கிறேன்.)